16 மெகாஹெர்ட்ஸில் 115200: `UBRR0`-இல் போட வேண்டியது 7-ஆ, 8-ஆ, 16-ஆ?

*"அண்ணே, நான் பட்டர்வொர்த்தில் பாலிடெக்னிக் இறுதியாண்டு படிக்கிறேன். புராஜெக்டுக்காக ஏடிமெகா328பி சிப்பை வைத்து நானே ஒரு போர்டு செய்தேன். கிரிஸ்டல் 16 மெகாஹெர்ட்ஸ். `UBRR0 = F_CPU/16/BAUD - 1;` என்றுதான் எழுதியிருக்கிறேன். 9600-இல் எல்லாம் சரியாக வருகிறது. 115200-க்கு மாற்றினால் குப்பை. 'A' ஒன்றை மட்டும் அனுப்பினால் கணினியில் ஹெக்ஸில் A1 என்று தெரிகிறது. கேபிளில் இருப்பது எஃப்டி232ஆர் சிப். ஆனால் ஊனோவில் அதே சிப், அதே 16 மெகாஹெர்ட்ஸ், `Serial.begin(115200)` போட்டால் சுத்தமாக வருகிறது. என் கிரிஸ்டல் கெட்டுப்போய்விட்டதா? பாட் ரேட் பிழையை எப்படிக் கணக்குப் போடுவது?"*

தம்பி, கிரிஸ்டலைக் கழற்ற வேண்டாம். உங்களுக்கு வந்த அந்த A1-ஐ வைத்தே கோளாறு எங்கே என்று சொல்லிவிடலாம். உங்கள் சூத்திரம் `UBRR0`-இல் 7 என்று எழுதுகிறது. அதனால் போர்டு 115200-க்குப் பதிலாக 125000 வேகத்தில் அனுப்புகிறது.

முதலில் அந்த 7 எப்படி வந்தது என்று பார்ப்போம். 16000000-ஐ 16-ஆல் வகுத்தால் 1000000. அதை 115200-ஆல் வகுத்தால் 8.68. ஆனால் சி மொழியில் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் புள்ளிக்குப் பின்னால் இருப்பது அப்படியே வெட்டுப்பட்டுப் போகும். 8.68 என்பது 9-ஆக மாறாது, 8-ஆகத்தான் நிற்கும். அதில் 1 கழித்தால் 7. இதே சூத்திரம் 9600-இல் 104.17 தருகிறது. வெட்டினால் 104, ஒன்று கழித்தால் 103, அது சரியான விடை. அங்கே வெட்டுப்பட்டது 104-இல் 0.17 மட்டும். இங்கே வெட்டுப்பட்டது 8-இல் 0.68. 9600-இல் ஓடியது என்பதற்காக அந்தச் சூத்திரத்தை நம்பியதுதான் வினை.

ஒன்று ஏன் கழிக்கிறோம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், இல்லையென்றால் எங்காவது மறந்துவிடும். சிப்புக்குள் ஒரு கவுன்டர் `UBRR0`-இல் உள்ள எண்ணிலிருந்து பூஜ்யம் வரை கீழே எண்ணுகிறது. 7 என்று கொடுத்தால் 7, 6, 5 என்று 0 வரை, மொத்தம் எட்டுத் துடிப்பு. ஆக உண்மையான வகுஎண் `UBRR0 + 1`. அந்தக் கவுன்டர் ஒவ்வொரு முறை பூஜ்யத்தைத் தொடும்போதும் யூஆர்ட்டுக்கு ஒரு தட்டு கிடைக்கிறது. அப்படி 16 தட்டு சேர்ந்தால் ஒரு பிட். எனவே உண்மையில் கிடைக்கும் வேகம்:

```
நிஜ வேகம் = F_CPU / (16 × (UBRR0 + 1))
பிழை %    = (நிஜ வேகம் / கேட்ட வேகம் − 1) × 100
```

7 போட்டால் 16000000 / 128 = 125000, பிழை +8.5%. 8 போட்டால் 16000000 / 144 = 111111, பிழை −3.5%. இந்த இரண்டுக்கும் நடுவில் வேறு எண் கிடையாது. வகுஎண் 8-இலிருந்து 9-க்கு ஒரு படி நகர்ந்தாலே வேகம் பத்து சதவீதத்துக்கு மேல் குதிக்கிறது. 9600-இல் வகுஎண் 104 என்பதால் ஒரு படி ஒரு சதவீதத்துக்கும் குறைவு. பாட் ரேட் ஏற ஏற வகுஎண் சின்னதாகும், படி பெரிதாகும். சிக்கல் முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

சரி, 8.5% பிழை 'A'-வை எப்படி A1 ஆக்கியது? இதை ஒரு முறை பிட் பிட்டாகப் பார்த்துவிட்டால் பிறகு எந்தக் குப்பையைப் பார்த்தாலும் உங்களால் படிக்க முடியும். 'A' என்பது 0x41. அதில் D0, D6 இரண்டும் 1, மற்றதெல்லாம் 0. கம்பியில் முதலில் ஸ்டார்ட் பிட் 0, பிறகு D0-இலிருந்து D7 வரை, கடைசியில் ஸ்டாப் பிட் 1. உங்கள் போர்டு 125000-இல் அனுப்புவதால் ஒரு பிட்டின் நீளம் 8 மைக்ரோ விநாடி. கணினிப் பக்கம் 115200 என்று நினைத்துக் கேட்பதால் அதன் கணக்கில் ஒரு பிட் 8.68 மைக்ரோ விநாடி. ஸ்டார்ட் பிட்டின் இறங்கும் விளிம்பைப் பார்த்ததும் அது மணியைப் பூஜ்யத்தில் வைத்து, ஒவ்வொரு பிட்டின் நடுவிலும் எட்டிப் பார்க்கிறது.

D0-ஐ 1.5 × 8.68 = 13 மைக்ரோ விநாடியில் பார்க்கிறது. உங்கள் D0 இருப்பது 8 முதல் 16 வரை, ஆக சரியாக 1 என்று எடுக்கிறது. D1, D2, D3-உம் சரி. D4-ஐப் பார்ப்பது 47.7-இல். உங்கள் D4 முடிவது 48-இல், மயிரிழையில் தப்பிக்கிறது. D5-ஐப் பார்க்க வருவது 56.4-இல். ஆனால் உங்கள் D5 56-லேயே முடிந்துவிட்டது! அங்கே இருப்பது D6, அதாவது 1. எனவே D5 என்று நினைத்து 1-ஐ எடுத்துக்கொள்கிறது. D6-ஐ 65.1-இல் பார்க்கும்போது அங்கே இருப்பது D7, அது 0. D7-ஐ 73.8-இல் பார்க்கும்போது அங்கே ஸ்டாப் பிட் வந்துவிட்டது, அது 1. கூட்டிப் பாருங்கள்: D7 = 1, D6 = 0, D5 = 1, D0 = 1. அதுதான் A1.

ஒற்றை எழுத்து அனுப்பியதால் ஸ்டாப் பிட்டுக்குப் பிறகு கம்பி 1-லேயே நின்றது, ஃபிரேமிங் பிழை வரவில்லை. எழுத்துகளை இடைவெளி விடாமல் அனுப்பினால் ஸ்டாப் பிட்டைத் தேடி 82.5-இல் வரும்போது அடுத்த எழுத்தின் ஸ்டார்ட் பிட் அங்கே உட்கார்ந்திருக்கும். அப்போதுதான் எல்லாமே சிதறும். சோதனைக்கு ஒற்றை எழுத்தை அனுப்பிப் பார்த்தீர்களே, அது மிக நல்ல யோசனை. வந்தது 80-க்கு மேற்பட்ட ஹெக்ஸ் எண்ணாக இருந்தால், அதாவது மேல் பிட் தானாக 1 ஆகியிருந்தால், அனுப்புபவர் வேகமாகப் போகிறார் என்று முதலில் சந்தேகப்படுங்கள்.

இப்போது சரியான எண்ணுக்கு வருவோம். வெட்டாமல் முழுமையாக்கினால் 8 கிடைக்கும், பிழை −3.5%. இது போதுமா என்பதற்கு ஒரு அளவுகோல் வேண்டும். பிழை எழுத்துக்குள் மட்டும்தான் சேர்ந்துகொண்டே போகும். அடுத்த ஸ்டார்ட் பிட் வந்ததும் கேட்பவர் மீண்டும் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கிறார். ஆகவே ஆயிரம் எழுத்து அனுப்பினாலும் கணக்கு ஒரே எழுத்துக்குத்தான். 8 டேட்டா பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட் என்றால் கடைசியாக எட்டிப் பார்ப்பது 9.5 பிட் தூரத்தில். அங்கே அரை பிட்டுக்கு மேல் விலகினால் தவறு. 0.5 / 9.5 என்பது சுமார் 5.3%. இது காகிதக் கணக்கு. நிஜத்தில் கேட்பவர் ஸ்டார்ட் விளிம்பைப் பிடிப்பதிலேயே பதினாறில் ஒரு பங்கு தயங்கலாம், நடுவில் ஒரு சாம்பிள் எடுக்காமல் 8, 9, 10 என்று மூன்று எடுத்துப் பெரும்பான்மை பார்க்கிறார். அதையெல்லாம் கழித்து இந்தச் சிப்பின் டேட்டாஷீட் தரும் எல்லை +4.58%, −4.54%.

அதே அட்டவணையின் கடைசிக் கட்டத்தில் ±2.0% என்று இன்னொரு எண் இருக்கும். பலரும் இதைப் பார்த்துக் குழம்புவார்கள். 4.5 வரை தாங்கும் என்றால் ஏன் 2 என்று சொல்கிறார்கள்? காரணம், எல்லையை இரண்டு பக்கமும் சமமாகப் பங்கிட்டுக்கொள்வதாக வைத்துப் போட்ட பரிந்துரை அது. நான் 2% தவறலாம், நீயும் எதிர்த் திசையில் 2% தவறலாம், கூட்டினால் 4%, இருந்தும் ஓடும். ஆகவே உங்கள் பக்கப் பிழையை மட்டும் கணக்குப் போட்டு நிறுத்திக்கொண்டால் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. கம்பியின் இரண்டு முனைக்கும் இடையே உள்ள வித்தியாசம்தான் நிஜப் பிழை.

உங்கள் கேபிளையே எடுத்துக்கொள்ளுங்கள். எஃப்டி232ஆர் 3 மெகாஹெர்ட்ஸை வகுத்து வேகம் உண்டாக்குகிறது. 3000000 / 115200 = 26.04. அது 26 என்று எடுத்துக்கொண்டால் 115385, பிழை +0.16% மட்டும். நீங்கள் 8 போட்டு 111111-இல் அனுப்பினால் இடைவெளி சுமார் 3.7%. எல்லைக்குள் இருக்கிறது, மேஜையில் பெரும்பாலும் ஓடும். ஆனால் மிச்சம் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. நீளமான கம்பி, மெதுவாக ஏறும் விளிம்பு, கொஞ்சம் இரைச்சல், ஏதாவது ஒன்று சேர்ந்தால் நூற்றில் ஒரு எழுத்து கெடும். எப்போதாவது மட்டும் வரும் அந்தப் பிழையைத் தேடுவதுதான் உலகத்திலேயே எரிச்சலான வேலை. அதனால் நான் 8-ஐச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

ஊனோ ஏன் ஓடுகிறது என்று கேட்டீர்கள். ஊனோவின் நூலகம் `U2X0` என்ற பிட்டை 1 ஆக்கிவிட்டுத்தான் கணக்குப் போடுகிறது. அந்தப் பிட் இருந்தால் ஒரு பிட்டுக்கு 16 தட்டுக்குப் பதில் 8 தட்டு. வகுஎண் இரட்டிப்பாகிறது, படி பாதியாகிறது. 16000000 / (8 × 115200) = 17.36. முழுமையாக்கினால் 17, `UBRR0`-இல் 16. நிஜ வேகம் 16000000 / 136 = 117647, பிழை +2.1%. இது ஒரு காரணம்.

இன்னொரு காரணம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. ஊனோவின் யூஎஸ்பி பக்கத்தில் இருக்கும் ஏடிமெகா16யூ2 சிப்பும் 16 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது, அதுவும் இதே கணக்கைப் போட்டு அதே 117647-க்கு வருகிறது. இரண்டு பேரும் ஒரே அளவு தவறுகிறார்கள், ஆகவே இருவருக்கும் இடையே வித்தியாசம் பூஜ்யம்! சீரியல் மானிட்டரில் எழுத்து பளிச்சென்று வருவதைப் பார்த்து வேகம் சரி என்று நினைத்துக்கொள்வோம். அது சரியும் இல்லை, தவறும் தெரியாது.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். பல வருடங்களுக்கு முன் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் டெஸ்ட் பிரிவில் இருந்தேன். எங்கள் போர்டைச் சோதிக்கும் பெட்டிக்குள்ளும் அதே குடும்பத்துச் சிப், அதே கிரிஸ்டல், அதே மென்பொருள் வரி. நூறு போர்டும் பாஸ். வாடிக்கையாளர் இடத்தில் வேறொரு கருவியோடு இணைத்தபோது பாதி எழுத்து கெட்டது. இரண்டு நாள் கேபிளையும் கனெக்டரையும் மாற்றிக்கொண்டிருந்தோம். கடைசியில் ஆசிலோஸ்கோப்பில் ஒரு பிட்டின் அகலத்தை அளந்தபோதுதான், எங்கள் சோதனைப் பெட்டியும் போர்டும் சேர்ந்தே தவறிக்கொண்டிருந்தது தெரிந்தது. அன்றிலிருந்து ஒரே மாதிரி இரண்டு போர்டு தங்களுக்குள் பேசிக்கொள்வதை நான் சோதனையாகக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இதன் மறுபக்கத்தையும் பாருங்கள். நீங்கள் 8 போட்டு 111111-இல் ஓடும் உங்கள் போர்டை, கேபிளுக்குப் பதிலாக ஊனோவின் யூஎஸ்பி வழியாகக் கணினியோடு இணைத்தால்? ஒருவர் −3.5%, மற்றவர் +2.1%. உங்கள் பிட் 9 மைக்ரோ விநாடி, அங்கே 8.5. ஸ்டாப் பிட்டைத் தேடி அது வருவது 9.5 × 8.5 = 80.75-இல். உங்கள் ஸ்டாப் பிட் ஆரம்பிப்பதே 81-இல். கால் மைக்ரோ விநாடி முந்திவிட்டது. அங்கே இன்னும் D7 இருக்கிறது, ஆங்கில எழுத்து எதுவானாலும் D7 = 0, ஆகவே ஃபிரேமிங் பிழை வரலாம். ஒரே போர்டு, ஒரே எண். ஒரு கேபிளில் ஓடும், இன்னொன்றில் நம்ப முடியாது.

ஆகவே 16 மெகாஹெர்ட்ஸை வைத்துக்கொண்டு 115200 வேண்டுமென்றால் `U2X0`-ஐப் போட்டு 16 எழுதுங்கள். ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: `U2X0` போட்டால் கேட்கும் பக்கத்தின் பொறுமையும் கொஞ்சம் குறையும், ஏனென்றால் ஸ்டார்ட் விளிம்பை இப்போது எட்டில் ஒரு பங்கு துல்லியத்தில்தான் பிடிக்க முடியும். எல்லை +3.9%, −4.0%, பங்கிட்ட பரிந்துரை ±1.5%. உங்கள் 2.1% அந்தப் பரிந்துரையைத் தாண்டுகிறது. ஆனாலும் எதிர்ப்பக்கம் துல்லியமாக இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்தால் அவர் பங்கையும் சேர்த்து நீங்கள் பயன்படுத்திக்கொள்ளலாம். உங்கள் கேபிளோடு இடைவெளி சுமார் 2% மட்டும், அது தாராளமாக ஓடும். எதிர்ப்பக்கம் என்னவென்றே தெரியாத கருவி என்றால் நம்ப வேண்டாம்.

இதில் கிரிஸ்டலின் சொந்தப் பிழையைச் சேர்க்க வேண்டுமா என்றால், 50 பிபிஎம் கிரிஸ்டல் என்பது 0.005%, கணக்கிலேயே வராது. செராமிக் ரெசனேட்டர் என்றால் 0.5% வரை வைத்துக்கொள்ளுங்கள். சிப்புக்குள் இருக்கும் 8 மெகாஹெர்ட்ஸ் ஆர்சி ஆசிலேட்டரை நம்பினால் கதை வேறு. தொழிற்சாலை அளவீட்டில் அது ±10% வரை போகலாம், வெப்பத்துக்கும் நகரும். அதை `OSCCAL` வழியாக நாமே சரிசெய்யாமல் சீரியலுக்குப் பயன்படுத்தக் கூடாது.

கணக்கை கையால் போடாமல் கம்பைலரையே போடச் சொல்லலாம். முழுமையாக்குவதற்கு, வகுக்கும் எண்ணில் பாதியை முன்கூட்டியே சேர்த்துவிட்டால் போதும். கூடவே பிழை அதிகமானால் கம்பைல் ஆகாமல் நிறுத்தும்படியும் எழுதிவிடுங்கள்:

```c
#define UBRR_VAL  ((F_CPU + 4UL*BAUD) / (8UL*BAUD) - 1)
#define BAUD_REAL (F_CPU / (8UL * (UBRR_VAL + 1)))
#define ERR_PM    (BAUD_REAL * 1000UL / BAUD)

#if (ERR_PM < 975) || (ERR_PM > 1025)
#error "baud error too big"
#endif

UCSR0A = (1 << U2X0);
UBRR0  = UBRR_VAL;
```

`ERR_PM` ஆயிரத்துக்கு எவ்வளவு என்று சொல்கிறது. உங்கள் நிலையில் 1021 வரும், அதாவது +2.1%. கடைசி இரண்டு வரியை உங்கள் தொடக்க ஃபங்ஷனுக்குள் வையுங்கள். ஏவிஆர் லிப்சியோடு வரும் `util/setbaud.h` என்ற கோப்பும் இதே வேலையைச் செய்யும். ஆனால் அது 2%-ஐ எல்லையாக வைத்திருப்பதால் 16 மெகாஹெர்ட்ஸ், 115200 என்று கொடுத்தால் எச்சரிக்கை கொடுக்கும். அந்த எச்சரிக்கை பொய்யில்லை, எதைப் பற்றி எச்சரிக்கிறது என்பது இப்போது உங்களுக்குத் தெரியும்.

கணக்கு சரியா என்று அளந்தும் பாருங்கள், லாஜிக் அனலைசர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. 'U' என்ற எழுத்து 0x55. ஸ்டார்ட், டேட்டா, ஸ்டாப் எல்லாம் சேர்த்து கம்பியில் 0, 1, 0, 1 என்று மாறி மாறி வரும். இடைவெளியில்லாமல் அனுப்பினால் சுத்தமான சதுர அலை, அதன் அதிர்வெண் பாட் ரேட்டில் சரி பாதி.

```c
for (;;) {
    while (!(UCSR0A & (1 << UDRE0))) ;
    UDR0 = 'U';
}
```

அதிர்வெண் அளக்கும் வசதியுள்ள மல்டிமீட்டரின் ஒரு முனையை டிஎக்ஸ் காலிலும் மற்றொன்றைக் கிரவுண்டிலும் வையுங்கள். உங்கள் இப்போதைய மென்பொருளில் 62.5 கிலோஹெர்ட்ஸ் காட்டும். 8 போட்டால் 55.6. `U2X0`-உடன் 16 போட்டால் 58.8. வேண்டியது 57.6. இந்த நான்கு எண்ணையும் போர்டு அட்டைப்பெட்டி மேல் எழுதி வைத்துக்கொண்டால் எப்போது பார்த்தாலும் எந்த நிலை என்று தெரிந்துவிடும்.

போர்டு இன்னும் இறுதி செய்யவில்லை என்றால் நான் செய்வது கிரிஸ்டலை மாற்றுவதுதான். 14.7456 மெகாஹெர்ட்ஸ் என்ற வினோதமான எண்ணில் கிரிஸ்டல் விற்பதற்குக் காரணமே இந்தக் கணக்குதான்: அது 115200-இன் சரியாக 128 மடங்கு. 11.0592 என்பது 96 மடங்கு. 1981-இல் வந்த ஐபிஎம் பிசியின் 8250 யூஆர்ட்டுக்கு 1.8432 மெகாஹெர்ட்ஸ் கொடுத்தார்கள், அது 16 மடங்கு. 14.7456 போட்டால் `U2X0` இல்லாமலேயே `UBRR0`-இல் 7, பிழை பூஜ்யம். உங்கள் பழைய சூத்திரமும் அங்கே வெட்டுவதற்கு எதுவும் இல்லாமல் சரியான விடை தரும்.

இழப்பு டைமரில் வரும். 16 மெகாஹெர்ட்ஸை 64-ஆல் வகுத்தால் ஒரு மில்லி விநாடிக்குச் சரியாக 250 துடிப்பு. 14.7456-இல் அது 230.4, முழு எண் இல்லை. உங்கள் புராஜெக்டில் ஒரு மில்லி விநாடித் துல்லியம் முக்கியம் என்றால் யோசியுங்கள். பத்து மில்லி விநாடி போதும் என்றால் 1024-ஆல் வகுத்து 144 துடிப்பு, அது கச்சிதம். கிரிஸ்டலை மாற்ற முடியாது, எதிர்ப்பக்கமும் உங்கள் கையில்தான் என்றால் வேகத்தை மாற்றுங்கள். 16 மெகாஹெர்ட்ஸில் `U2X0` இல்லாமல் 250000-க்கு `UBRR0`-இல் 3, பிழை பூஜ்யம். வேகம் அவ்வளவு வேண்டாம் என்றால் 38400-க்கு 25, பிழை 0.16%.

கிரிஸ்டலை மாற்றினால் ஃபியூஸ் பிட்டைத் தொட வேண்டியதில்லை, இரண்டுமே 8 முதல் 16 வரையிலான வரம்புக்குள் வருகின்றன. ஆனால் `F_CPU`-வை 14745600UL என்று மாற்றுவதை மறந்துவிடாதீர்கள். `U2X0` போட்ட மென்பொருள் பழைய 16000000UL-ஐ வைத்தே கணக்குப் போட்டால் `UBRR0`-இல் 16 எழுதிவிடும். அப்போது நிஜ வேகம் 108424, பிழை −5.9%. மேலே எழுதிய `#error` அதைப் பிடிக்காது, ஏனென்றால் அதுவும் அதே பொய்யான `F_CPU`-வைத்தான் நம்புகிறது. மீட்டரில் 'U' 54.2 கிலோஹெர்ட்ஸ் காட்டினால் அங்கே போய்ப் பாருங்கள்.